வராந்தாவில் தொங்கிய பல்பு

சாறாம்மா தேதியில்லாத குடும்பப் படத்தை ஓரம் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். அவள் அம்மா மரியம் 1950இல் காதலித்து ஓடியபின் கேரளத்துப் பாலாவிலுள்ள இந்தப் பிறந்த வீட்டை மிதிக்கவேயில்லை என்பது குடும்பப் பேச்சு.

"ஓரமா நிக்கறது வேலைக்காரி, சேச்சி," என்றான் இப்போது அந்த வீட்டிலிருக்கும் மாமன் மகன் குரியாச்சன்.

"வேலைக்காரி காதுல தங்கக் குணுக்காடா? ரம்பப்பல் மாதிரி ஓரம் வெட்டின தாள், அம்பதுகள்ல வந்தது. வராந்தாவுல பல்பு தொங்குது. இங்க கரண்ட் வந்ததே அம்பத்தஞ்சுல. அப்ப இது அம்மா ஓடினதுக்கு அப்புறம் எடுத்த படம்."

மரியத்தின் தங்கை ஏலிக்குத் தொண்ணூறு வயது. பெயர் எதையும் எடுத்துக்கொடுக்காமல் சாறாம்மா படத்தை நீட்டினாள்.

"ஓரமா நிக்கற இது யாரு சித்தி?"

"நம்ம மரியம். எங்கப்பனே போய்க் கூட்டிட்டு வந்தாரு. அவ இடுப்புல இருக்கற குழந்தை நீதான்டி."

மறுநாள் காலை சாறாம்மா படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதி, குரியாச்சனைக் கேட்காமலே வரவேற்பறையில் ஆணியடித்து மாட்டினாள்.