அக்காவின் கட்டைவிரல்

திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டின் பொத்தானை அழுத்தி, கட்டைவிரலைச் சட்டென்று எடுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மாசாய் ஊருக்குப் பக்கத்துத் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் இப்போது வேலை செய்கிறேன். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு அக்கா ஞாபகம் வந்துவிடும். கூடப் பிறந்தவள் இல்லை. நான் படித்த பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தாள், சாஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். என் கடைசி வருஷப் பயிற்சிக்கு என்னை அவளுக்கு உதவியாகப் போட்டிருந்தார்கள்.

அக்காவின் கை வேகத்துக்கு அங்கே தனிப் பெயர் உண்டு. டக், டக் என்று ஒரு சோதனைத் தட்டின் சின்னச் சின்னக் குழிகளையெல்லாம் நிரப்பிவிட்டு, என் பக்கம் திரும்புவாள். நானோ பொத்தானை மெல்ல விட்டு, திரவம் ஏறி நின்றதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிப்பெட்டை வெளியே எடுப்பேன். "அலமாக், நீ முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்லா!" என்பாள். எனக்குக் கோபமே வராது. பயந்தாங்கொள்ளிக் கை என்னுடையது, என்ன செய்ய?

அவள் ஆய்வு ஒரு நொதியைப் பற்றியது. உறைபெட்டியில் கெடாமல் இருக்க அதில் கிளிசரின் கலந்து வைப்போம். கலப்பது என் வேலை, அளப்பது அவள் வேலை. நொதி வேலை செய்தால் குழி மஞ்சளாகும்; ஒரே கலவையை மூன்று குழிகளில் போட்டால் மூன்றும் ஒரே மஞ்சளாக வரவேண்டும். நொதி குறைந்த குழி வெளுத்துப் போகும். அக்காவின் தட்டில் ஒன்று பளிச்சென்றும், பக்கத்தில் இருப்பது சோகை பிடித்தது போலவும் நின்றன. மறுபடி செய்தாலும் அப்படித்தான். வெளுப்பது மட்டும் வேறு குழி. பிப்பெட்டில் தண்ணீரை எடுத்துத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். எல்லா எடையும் ஒத்துப்போனது. பிப்பெட்டின் மேல் தப்பில்லை என்றால், மிச்சம் இருந்தது நான்தான்.

எங்கள் மேற்பார்வையாளரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். கிளிசரின் கனமானது, சரியாகக் கலக்காவிட்டால் அடியில் தங்கிவிடும், மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று ஆகிவிடும் என்றார். அது நியாயமான சந்தேகம். "நல்லாத்தான் கலக்கினேன் டாக்டர்" என்றேன். என் குரலை எனக்கே நம்ப முடியவில்லை. உன் பயிற்சியைப் பற்றித் திங்கட்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்கிறேன் என்றார். பயிற்சியில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. வீட்டில் எப்படிச் சொல்வது என்பதே என் கவலையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். என் கலவை சரியில்லை என்று காட்டத்தான் அக்கா உட்கார்ந்தாள். கலவைக் குழாயின் மேற்பகுதியிலிருந்து சில தடவை, அடியிலிருந்து சில தடவை ஒரே அளவு எடுத்துத் தராசில் நிறுத்தாள். மேலேயிருந்து எடுத்தவையே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தான் எடைகளை எழுதிக்கொள்வதற்காகப் பிப்பெட்டை என்னிடம் நீட்டினாள். அதே குழாய், அதே பிப்பெட். நான் எடுத்தவை மேலிருந்தாலும் அடியிலிருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே எடை.

அக்கா பேனாவை வைத்தாள். திரும்ப வாங்கி, ஒரு துளியை டக் என்று இழுத்தாள். இந்தத் தடவை பிளாஸ்டிக் முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். அடியில் ஒரு சின்னக் காற்றுக் குமிழ். தண்ணீர் கட்டைவிரலோடு கூடவே ஓடிவந்துவிடும், கெட்டியான கிளிசரின் அப்படி வராது. அது ஏறி முடிப்பதற்குள் அவள் முனையை வெளியே எடுத்துவிடுகிறாள், பாக்கி இடத்தில் காற்று புகுந்துகொள்கிறது. குறைவதும் தடவைக்குத் தடவை மாறுகிறது. அதனால்தான் தண்ணீர்ச் சோதனையில் எதுவும் தெரியவில்லை. என்னைப் போலவே மெல்ல விட்டு, முனையைத் திரவத்திலேயே வைத்துக் கொஞ்சம் நிதானித்து எடுத்தாள். எடைகள் ஒத்துப்போயின. வேண்டுமென்றே பழையபடி டக் என்றாள். மறுபடி சிதறின.

"ஏய், என் கைதான்லா" என்றாள். முகம் சிவந்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் திங்கட்கிழமை முதல் அவள் மெல்ல அளந்திருந்தால் மஞ்சள் தானாகச் சரியாகியிருக்கும், பழி என்னோடு போயிருக்கும். பல மாதத் தட்டுகளைத் திரும்பச் செய்யும் வேலையும் அவளுக்கு இல்லாமல் போயிருக்கும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கூட்டத்தில் என்னை யாரும் கேட்பதற்கு முன்பே அக்கா எழுந்தாள். "டாக்டர், தங்கச்சி கலவையில தப்பில்ல. என் கட்டைவிரல்ல தப்பு. எல்லாத்தையும் திரும்பச் செய்றேன்" என்று சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பட்டம், இந்த வேலை, எல்லாம் அந்த வாக்கியத்துக்குப் பிறகு வந்தவை.

போன வாரம் என் முடிவுகள் இரண்டு ஒத்துப்போகவில்லை. கரைசல் தயாரித்த புதுப் பெண் நான் வாயைத் திறப்பதற்குள், "நல்லாத்தான் கலக்கினேன்கா" என்றாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். தராசைச் சுழியத்தில் வைத்தேன்.

"உக்காரும்மா. மொதல்ல என் கையை நிறுத்துப் பாப்போம்."