முக்காட்டின் நிழல்

கல்கத்தாவில் தர்மதலாவுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இருந்த போட்டோ ஸ்டூடியோவின் உள்ளறையில் எனக்கு வேலை. படம் எடுப்பது என் வேலையல்ல. எடுத்த கண்ணாடித் தட்டுகளைச் சாய்மேசைமேல் வைத்து, அம்மைத் தழும்பையும் நெற்றிச் சுருக்கத்தையும் பென்சில் முனையால் மறைப்பதுதான் என் வேலை. ஆட்களிடம் பேசவே கூசுகிற எனக்கு அது பொருத்தமான உத்தியோகம். தட்டிலிருக்கும் முகங்கள் கேள்வி கேட்பதில்லை.

எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஒரு நவம்பர் மாதம் பாலிகஞ்சிலிருந்து ஒரு திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம் வந்தது. தகப்பனாருக்கு ரயில்வே ஆபீசில் வேலை. மூத்த மகளுக்கு அன்று காலையில்தான் கோயிலில் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்ணை இரண்டு தட்டுகளில் எடுத்தார்கள். முதல் தட்டில் தலையில் வலை முக்காடு இருந்தது. புழுக்கம் தாங்காமல் பெண் அதைக் கழற்றி வைத்த பிறகு, கொண்டையில் பூச்சுற்றோடு மட்டும் இரண்டாவதை எடுத்தார்கள். மூன்றாம் நாள் மாப்பிள்ளையும் பெண்ணும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள்.

படத்துக்காகக் காத்திருந்தது பெண்ணின் தாயார். மாப்பிள்ளையின் அம்மா ரங்கூனில் படுத்த படுக்கையாக இருந்ததால் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. மருமகளை முக்காட்டோடு பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். கிறிஸ்துமஸுக்கு முன் அனுப்பி வைக்கிறேன் என்று இவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்த முக்காட்டுத் தட்டைத்தான் நான் உடைத்தேன். சாய்மேசையிலிருந்து எடுத்து அதன் விளிம்பில் வைத்துவிட்டுப் பென்சிலைச் சீவத் திரும்பினேன், அது வழுக்கி விழுந்து மூன்றாகப் போயிற்று. ஒரு விரிசல் சரியாக இடது கண்ணின் வழியாக ஓடியது.

முதலாளி வங்காளி. என்னிடம் கோபம் வந்தால் பெயரைச் சொல்ல மாட்டார். "மாத்ராஜி, உன் கை கையா, குரங்கின் வாலா?" என்றார் வங்காளத்தில். பிறகு துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இன்னொரு தட்டு இருக்கிறதே. அதில் நீ முக்காட்டை வரைந்து விடு. பெண்ணின் அம்மாவிடம் யாரும் வாய் திறக்க வேண்டாம்."

அவர் சொன்ன வழி எங்கள் தொழிலில் நடப்பதுதான். முக்காடில்லாத தட்டிலிருந்து பெரிய படம் ஒன்று போட்டு, அதன்மேல் நீர்வண்ணத்தாலும் கரித்தூளாலும் வரைந்து, வரைந்ததைத் திரும்பக் காமிராவால் எடுத்துச் சிறிய பிரதிகள் போட வேண்டும். சிறிதாகும்போது தூரிகைத் தடம் தெரியாது. மீசையில்லாத முகத்துக்கு மீசை வைத்திருக்கிறேன், தலைப்பாகை கட்டியிருக்கிறேன். கிழவர் ஒருவருக்குப் பல்லே வைத்திருக்கிறேன். வலைத் துணிதானே என்று நினைத்தேன்.

முதல் நாள் வெள்ளை வண்ணத்தைக் குழைத்துத் தலைமேல் இழுத்தேன். கல்யாணப் பெண் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள்போல் ஆகிவிட்டாள். தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். முக்காடு வெள்ளைதான். ஆனால் அதற்குள் தலைமுடி தெரிய வேண்டும். வெள்ளைக்குள் கறுப்பு எப்படித் தெரிகிறது? எத்தனை முக்காடுகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன், ஆனால் அது எப்படி என்று மட்டும் நான் கவனித்ததே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கொசுவலையைக் கழற்றி, மனைவியை நாற்காலியில் உட்கார வைத்தேன். தட்டை மேசைமேல் வைத்துப் பார்த்தபோது பெண்ணின் வலக்கன்னத்தில் வெளிச்சம் இருந்ததாக நினைவு. அதற்குத் தக்கபடி ஜன்னல் பக்கமாக நாற்காலியைத் திருப்பினேன்.

"ஏங்க, தூசி தட்டியாவது போடக்கூடாதா? தும்மல் வருது."

"கொஞ்சம் அசையாம இரு."

"அசையல. பக்கத்து வீட்டு வங்காளி அக்கா எட்டிப் பார்க்கறா. என்ன நினைச்சுப்பா? இவ புருஷன் இவளை மறுபடியும் கட்டிக்கறான்னு நினைச்சுப்பா."

"நினைச்சுக்கட்டும்."

"கட்டிக்கறதுன்னா புதுப்புடவை உண்டு, ஞாபகம் இருக்கட்டும்."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் என் கண்ணுக்கு எத்தனையோ புதிதாகத் தெரிந்தன. கறுத்த முடிமேல் வலை புகைபோல் வெளுத்துக் கிடந்தது. அதே வலை, பின்னாலிருந்த சுண்ணாம்புச் சுவருக்கு எதிரே வந்ததும் வெளுப்பாக இல்லை, சுவரைவிட ஒரு மாற்று மங்கலாக இருந்தது. ஒரே துணி, இருட்டின்மேல் வெளிச்சமாகவும் வெளிச்சத்தின்மேல் இருட்டாகவும்! மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு வலை சேர்ந்து அதிகம் வெளுத்தது. விளிம்பிலோ துணியே இல்லை, ஒரு நூல் கோடு மட்டும், அதுவும் விட்டுவிட்டு. கொண்டை தூக்கிப் பிடித்த இடத்தில் வலை தலையில் ஒட்டாமல் நின்றது. காதுப் பக்கமாகத் தொங்கிய ஓரம் வெளிச்சத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே வந்தது. அதனால் கன்னத்தில் ஒரு மெல்லிய நிழல், முழுத் துணியின் நிழல்போல் அடர்த்தியில்லாமல், கழுவிவிட்ட மை போலிருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து நான்கு நாள் வரைந்தேன். வெள்ளையை எவ்வளவு தண்ணீராக்க முடியுமோ அவ்வளவு தண்ணீராக்கி, ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது என்று பூசினேன். முக்காடு முடியின் அலைகளை மறைக்காமல் வந்தது. பின்திரைக்கு எதிரே சாம்பல் நிறம் கலந்தேன். கன்னத்து நிழலைப் பஞ்சில் தொட்ட கரித்தூளால் ஒற்றினேன். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "குரங்கின் வால் அல்ல," என்றார்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாயார் வந்தாள். சிறுவயதில் மிஷன் பள்ளியில் லேஸ் பின்னிப் பழகியவள் என்று பிறகுதான் எனக்குத் தெரியும். முதலாளி வெளியே போயிருந்தார். வேறு வழியில்லாமல் நானே படத்தைக் கொண்டு போய் மேசைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்து முகம் மலர்ந்தாள். சற்று நேரம் கழித்து ஜன்னலோரம் கொண்டு போனாள். திரும்ப வந்தாள்.

"தம்பி, நீங்க நம்ம பக்கந்தான?"

"தஞ்சாவூர்ப் பக்கம் அம்மா."

"சரி. இங்க பாருங்க. மூக்கு நிழலு எந்தப் பக்கம் சாயுது?"

பார்த்தேன். வலப்பக்கம்.

"நெட்டோட, இந்த முக்காட்டோட நிழலு?"

வலக்கன்னத்தின் ஓரத்திலிருந்து உள்ளே, இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"எம் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு ரெண்டு சூரியனா உதிச்சுது?" என்றாள். சிரிக்கத்தான் சிரித்தாள், ஆனால் கண் படத்தைவிட்டு நகரவில்லை. "இதை அங்க அனுப்பினா, படுத்திருக்கிற மனுஷி நாள் பூரா இதையேதான பார்த்துக்கிட்டு இருப்பா. ஏதோ கோளாறுன்னு அவளுக்குத் தோணாமப் போகுமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் தட்டின் மருந்து பூசிய பக்கத்தை மேலே வைத்துத்தான் பென்சில் பிடிப்போம். அப்படிப் பார்த்தால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித் தெரியும். எட்டு வருஷமாக முகங்களை அப்படியே பார்த்துப் பழகியதில், மாறியிருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஸ்டூடியோவிலோ இருபுறமும் திரைபோட்ட கண்ணாடி ஜன்னல்கள். படம் எடுப்பவர் அன்றைக்கு எதைத் திறந்தாரென்று உள்ளறையில் இருந்த எனக்குத் தெரியாது. மனைவியை இடம் வலம் மாற்றி உட்கார வைத்து, மாறிப்போன நிழலை அத்தனை பாடுபட்டு வரைந்திருக்கிறேன்.

 மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். போகத்தான் திரும்பினேன். ஆனால் மாற்றுவதற்கு எனக்கு இருந்ததெல்லாம் கொசுவலைதான். அந்த முக்காட்டை நான் நேரில் பார்த்ததே இல்லை, உடைந்த தட்டும் குப்பைக்குப் போயிருந்தது.

"அம்மா," என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. "முக்காடு போட்ட தட்டு என் கையில உடைஞ்சுபோச்சு. இது அந்தப் படம் இல்ல. இன்னொண்ணுல நான் வரைஞ்சது."

 படத்தை மூக்கருகே கொண்டு வந்தாள், தள்ளிப் பிடித்தாள். விரலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"வரைஞ்சதா? இது பூராவுமா?"

"ஆமாம்மா."

"அதை மொதல்லயே சொல்லுததுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?" இப்போது கோபம்தான். "நானும் ஸ்டூடியோக்காரன் வேற யாரோட நெட்டையோ இதுல ஒட்டிப்புட்டான்னு நெனச்சேன். எங்க நெட்டுல கரை இப்படியா இருக்கும்? அது எங்க பொட்டியிலதான கெடக்கு. சின்னவளுக்கு வேணும்னு பெரியவ விட்டுட்டுப் போயிட்டா."

முக்காடு பாலிகஞ்சில், டிராமில் போய் எடுத்துவரக்கூடிய தூரத்தில் இருந்திருக்கிறது. நான் கொசுவலைக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவள் இளைய மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பதினேழு வயதிருக்கும். அக்காள் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்காரச் சொன்னோம். இந்த முறை படத்தில் அக்காளின் மூக்கு நிழலை முதலில் பார்த்து, இடப்பக்கத் திரையை மட்டும் திறந்தோம். தாயார் மகளின் கொண்டையை உயர்த்திக் கட்டி, நெற்றி முடிக்கு இரண்டு விரல் பின்னால் சீப்பைச் செருகி, முக்காட்டை அதில் மாட்டினாள். இரண்டு ஊசி. பிறகு ஓரங்களை இழுக்காமல், தானாக விழட்டும் என்று விட்டாள்.

"அம்மா, எனக்குக் கல்யாணமே ஆயிட்ட மாதிரி இருக்கு."

"மாப்பிள்ளை வந்தபொறவு சொல்லு. இப்ப வாயை மூடு, நிழலு ஆடுது."

நான் பார்த்தேன். இடக்கன்னத்தருகே தொங்கிய ஓரத்தின் நிழல் கன்னத்தின்மேல், மூக்கு நிழல் சாய்ந்த அதே திசைக்குச் சாய்ந்தது. வலப்பக்கத்திலோ முக்காடு முகத்தின்மேல் நிழல் விழச் செய்யவில்லை, முகம்தான் முக்காட்டின்மேல் நிழல் விழச் செய்தது. கரையில் இருந்த சிறு பூவேலை அங்கங்கே இடக்கன்னத்தில் புள்ளியாக இறங்கியிருந்தது. கொசுவலை இதைச் சொல்லியிருக்காது. வெளிச்சம் மாறும்வரை குறித்துக்கொண்டேன். இடையில் வெளியிலிருந்து வந்த முதலாளி வாசலில் நின்று என்னை முறைத்தார். தாயார் அவரிடம் திக்கித் திக்கி வங்காளத்தில், "இவர் உண்மை சொல்லிவிட்டார், நீங்கள் இனிமேல் பயப்பட வேண்டாம்," என்றாள். அவர் உள்ளே போனார்.

புதிய படம் டிசம்பர் முதல் வாரத்தில் முடிந்தது. தாயார் அதை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். "ஒரு சூரியன்தான்," என்றாள். பிறகு, "முக்காடு வரைஞ்சதுன்னு சம்பந்திக்கு நான் எழுதிப் போட்டுருவேன். படுத்திருக்கிறவகிட்டப் பொய் ஆகாது," என்றாள்.  வரைந்தது என்று தெரிந்து பார்த்தால் எந்தக் குறைதான் கண்ணில் படாது என்று நினைத்தேன்.

ஜனவரி கடைசியில் அவளே ரங்கூன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். என்னை உள்ளறையிலிருந்து கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள். மருமகள் மெலிந்திருக்கிறாள் என்று முதல் பக்கம் முழுவதும் இருந்தது. கடைசியில் இரண்டே வரி. எதையோ வரைந்தது என்று எழுதியிருந்தீர்களே, வீட்டில் எல்லோரும் பார்த்தோம், கொண்டையிலிருக்கும் பூவைத்தானே சொல்கிறீர்கள், அது மட்டும் அவ்வளவு இயல்பாக இல்லை.

பூ நிஜப் பூ. நான் அதைத் தொடவே இல்லை.