கொழுப்புத் தாளில் ஓர் அம்பு

அந்தத் தாள்கள் என்னுடையவை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்து, மலாக்காவில் காஜா பெராங் வீட்டில் அவற்றைப் போட்டேன். உடலின் ஒரு வளர்சிதைமாற்றப் பாதைக்கு ஒரு தாள். உள்ளே போவது மேலே, வெளியே வருவது கீழே, அம்புக்குப் பக்கத்தில் நொதி. வேகம் கட்டுப்படும் இடங்களில் சிவப்புப் பென்சில். குளுக்கோஸ் தாளில் பாஸ்போபிரக்டோகைனேஸைச் சிவப்பில் வட்டமிட்டு, 'ஏடிபி மிகுந்தால் தாமதம்' என்று எழுதியிருந்தேன்.

கிளேபாங்கிலிருந்து வகுப்புத் தோழன் சைக்கிளில் வந்து எல்லாவற்றையும் படியெடுத்துப் போனான். அவன் அப்பா தோட்டத்து அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா. என் அப்பா முனிசிபல் கால்வாய் கூட்டுபவர்.

விடுதிக்குத் திரும்பியதும் நண்பர்கள் அவனிடம் கேட்டார்கள்.

"யார்டா போட்டது? பிரமாதமா இருக்கே!"

"நான்தான் லா. இந்தப் பொண்ணும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுச்சு" என்று என்னைக் காட்டினான். "கையெழுத்து மட்டும் நல்லா வரும். தோட்டத்துல பேரேடு எழுதுற ஆளு மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தேர்வுக்கு நான்கு நாள் இருந்தபோது என் தவறு தெரிந்தது. கொழுப்பு அமிலங்கள் சிதையும் தாளின் அடியில், பைருவேட்டுக்கும் அசெட்டைல் கோஏ-வுக்கும் இடையே இருபுறமும் முனை வைத்து அம்பு போட்டிருந்தேன். பைருவேட் டிஹைட்ரோஜினேஸ் ஒருவழிப் பாதை. அசெட்டைல் கோஏ பைருவேட்டாகத் திரும்பாது; அதனால் கொழுப்பு அமிலம் குளுக்கோஸாகவும் மாறாது. பிளேடால் ஒரு முனையைச் சுரண்டி எடுத்தேன். அவன் பக்கத்து மேசையில்தான் இருந்தான். நான் சொல்லவில்லை.

எழுத்துத் தேர்வில் அவன் விளிம்பில் நின்றான். வாய்மொழித் தேர்வுதான் முடிவு செய்யும். தோற்றால் உதவித்தொகை போய்விடும், படிப்பும் அதோடு போய்விடும். எனக்கு முன்னால் உள்ளே போன அவன் வெளியே வந்து சொன்னான்:

"கொழுப்பு அமிலத்துலேருந்து உடம்பு குளுக்கோஸ் செய்யுமான்னு கேட்டார். செய்யும்னேன். எப்படின்னு கேட்டார், உன் தாள்ல உள்ளபடியே சொன்னேன். சரிதானே?"

என் பெயரை அழைத்தார்கள். உள்ளே போய்விட்டேன்.

முடிவு வந்தது, அவன் தோற்றிருந்தான். அந்த வாரமே, படியெடுத்த தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"உக்காருங்க தம்பி, கோப்பி குடிங்க" என்றார் அப்பா.

மேசையில் என் தாள்கள் கிடந்தன. கொழுப்புத் தாளை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். சுரண்டிய இடம் மெலிந்து வெளிச்சம் விட்டது.

"எப்ப திருத்துன?"

"பரீட்சைக்கு நாலு நாள் முன்னாடி."

"நான் பக்கத்துலதானே இருந்தேன்?"

"நீ போட்ட தாள்தானே? என்னைய ஏன் கேக்குற?"

இதைச் சொல்லப் பல நாள் காத்திருந்தேன். சொன்னதும் நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. கோப்பியைத் தொடாமல் அவன் போனான். அப்பா வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னம்மா கேட்டாரு?"

"ஒரு சந்தேகம்ப்பா."

"சொல்லிக் குடுத்தியா?"

அந்தக் கோப்பியை எடுத்துப் பின்பக்கம் கொட்டினேன்.