கோர்ட்டு விடுமுறையில் வந்த வேலை

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்திதான். பி.காம். முடித்து, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் தேறிய பிறகு, என் நாளை மூன்றாகப் பிரித்தேன். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஆங்கிலக் கடிதங்கள். இரண்டிலிருந்து நான்கு வரை ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல்களுக்குப் பக்கக் கணக்கில் டைப் அடிப்பது. மாலை ராஜபாளையத்துக்குத் திரும்பி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது.

கம்பெனி முதலாளி முழு நேர வேலைக்கே கூப்பிட்டார். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்கு அதில்தான் ஆசை.

"மூணு எடத்துக்கு ஓடுற. ஒரு எடத்துலயாவது ஒனக்குன்னு நாற்காலி இருக்கா ஏட்டி?"

"மூணு எடத்துலயும் இருக்குப்பா" என்றேன். திமிர்தான். ஒரு இடம் கைவிட்டாலும் மற்ற இரண்டும் தாங்கும் என்பது என் கணக்கு. மே மாதம் கோர்ட்டு விடுமுறை. ஆனால் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால் இன்ஸ்டிடியூட் நிரம்பும். அதனால் வக்கீல் வேலைக்கான இரண்டு மணி நேரத்தை அந்த மாதம் புதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

மே கடைசி வாரம், வக்கீல் குமாஸ்தா டைப் அடிக்க வேண்டிய ஒரு கட்டு பிராது மனுக்களோடு இன்ஸ்டிடியூட்டுக்கே வந்து நின்றார்.

"கோர்ட்டு லீவுல்லா அண்ணாச்சி?"

"கோர்ட்டுக்குத்தாம்மா லீவு. லீவுக்குள்ள கெடு முடிஞ்ச வழக்கெல்லாம் தொறக்குற அன்னைக்கே போட்டாகணும். ஒரு நா தப்புனா போச்சு. ஒங்களால ஏலலன்னா சொல்லிருங்க, வேற ஆளப் பாக்கேன்."

வேறு ஆளிடம் போனால் அந்த வேலை திரும்பி வராது. அத்தனை காலம் அவர்களுக்கு டைப் அடித்தும் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. கட்டை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். பிராது அடிக்கப் பகல் நேரம் வேண்டும் என்பதால், நான்கு நாள் மட்டும் ஏழு மணிக்கே வந்து, ஒன்பதுக்குள் கடிதங்களை முடித்துத் தருவதாகச் சொன்னேன்.

"ஆபீஸுன்னா நேரம்னு ஒண்ணு இருக்குல்லம்மா?"

"ஒங்களுக்கு நான் ஒக்காந்திருக்கணுமா, மத்தியானத் தபாலுக்குள்ள லெட்டர் போகணுமா?"

சிரித்துவிட்டார். ஆனால் அடுத்து சொன்னது சிரிப்பில்லை. "சரி, வா. முழு நேர வேலைக்கு நான் வேற ஆளு எடுத்துருவேன். பொறவு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் சார்."

வீட்டில் சொன்னதும் அப்பா எழுந்து வெளியே போனார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மறுநாள் அவருக்கு மதிய சிஃப்டு, தூங்கியிருக்கலாம். ஆறரைக்கே சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

"ஏறு. மொதல்ல எந்த நாற்காலிக்குப் போகணும்?"