மூணு மாப்பிள்ளை, ரெண்டு பொண்ணு

வேங்கிக்காலில் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பத்தாம் வகுப்புக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு: ஒரே நேரத்தில் ஐந்து அறை, ஐந்து ஆசிரியர், தமிழ், ஆங்கிலம், கணக்கு, இயற்பியல், வரலாறு என்று ஐந்து பாடம். ஆளுக்கு ஒரு பாடம், ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குக் கிடையாது. யார் எதை எடுப்பார்கள் என்று தலைமை ஆசிரியை மேடம் எழுதி வாங்கினார்.

நானும் இயற்பியல் சாரும் கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் புது டீச்சரும் கணக்கு, இயற்பியல் என்று மட்டும் எழுதினோம். தமிழ் ஐயா தமிழும் வரலாறும். ஆங்கில டீச்சர் இயற்பியலைத் தவிர எல்லாம்.

காலையிலிருந்து எழுதி அழித்ததில் மேடத்தின் தாளே கிழிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் எங்கள் மூவரில் ஒருவர் பாடமில்லாமல் நின்றார். மேடம் என்னைக் கூப்பிட்டார்.

கல்லூரியில் படித்த கல்யாண நிபந்தனை நினைவுக்கு வந்தது. ஆசிரியர்கள் மாப்பிள்ளைகள், பாடங்கள் பெண்கள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாப்பிள்ளைகளில் எந்தக் கூட்டத்தைப் பிரித்து எடுத்தாலும், அவர்களுக்குப் பிடித்த பெண்களை எல்லாம் சேர்த்து எண்ணினால் மாப்பிள்ளைகளின் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது. ஒரு கூட்டத்தில் குறைந்தாலும் நடக்காது. எதிலும் குறையாவிட்டால் கட்டாயம் நடக்கும்.

மேடம் எங்கள் மூன்று வரியையும் விரலால் தடவிப் பார்த்தார். "மூணு மாப்ள, பொண்ணு ரெண்டுதான். அப்புறம் எப்டி சார் கல்யாணம் நடக்கும்? இயற்பியல் சாருக்குப் பொண்ணு கம்மி!"

டீ கொண்டுவந்த ஆயாம்மா கடைசி வரியை மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டார். இயற்பியல் சாருக்கு நாற்பது வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஐந்து நிமிடத்தில் தலைசீவி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"மேடம், பொண்ணு எந்த ஊருங்க?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடம் முகம் மாறாமல் அவரை உட்காரச் சொல்லி, பொண்ணு இல்லை, பாடம்தான் என்று விளக்கினார். அவர் டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

மூவரில் ஒருவர் வேறு பாடத்துக்குப் போனால்தான் தீரும் என்றேன். சொன்னதுமே மேடமும் இயற்பியல் சாரும் என்னையே பார்த்தார்கள், டம்ளர் எடுக்க வந்த ஆயாம்மாவும்கூட. என் வரியில் வரலாறு சேர்ந்தது. ஐந்து பேரில் முப்பத்தொரு கூட்டம் பிரிக்கலாம். அத்தனையையும் சரிபார்த்தேன், எதிலும் குறையவில்லை. புது டீச்சருக்குக் கணக்கு, இயற்பியல் சாருக்கு இயற்பியல், ஐயாவுக்குத் தமிழ், ஆங்கில டீச்சருக்கு ஆங்கிலம் என்று விழுந்தது.

முதல் சனிக்கிழமை முதலாம் உலகப் போரின் காரணங்களை நடத்தி, கரும்பலகையின் கீழே கணக்கு வகுப்புப் பழக்கத்தில் "எனவே நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டேன். ஒரு மாணவி எழுந்து, போர் நடந்ததை நிரூபிக்க எத்தனை மதிப்பெண் சார் என்று கேட்டாள். ஐந்து என்றேன். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.