எட்டாம் வாய்க்கால் விடுபட்ட கிழமை

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு எல்லாம் பிழையாகத் தொடங்கியது. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த நிமிடம் மண்டபத்துச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, பதினொரு மணிக்குள் கூட்டம் முடிந்துவிடும், ஆறுதலாக ஒரு பிளேன்ரீ குடிக்கலாம் என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

நான் நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளர். அன்று சிறுபோகக் கூட்டம், கோடை விதைப்புக்கானது. குளத்தில் தண்ணீர் குறைந்த வருடங்களில் எல்லா வயலும் விதைக்க முடியாது. எந்த வாய்க்காலின் கீழ் எத்தனை ஏக்கர், யாருக்கு எந்த இடத்தில் பங்கு என்று பட்டியல் போட்டு, கமக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்து, அவர்களின் ஒப்புதலை எடுக்க வேண்டும். பட்டியல் போட்டது நான். வாசித்ததும் நான். வாசித்து முடித்துக் கதிரையில் இருக்கப் போகையில் பின்வரிசையில் ஒரு கிழவர் எழும்பினார்.

“பிள்ளை, எல்லாம் வடிவா வாசிச்சியள். எங்கட எட்டாம் வாய்க்கால் எங்க?”

தாளைப் பார்த்தேன். ஏழு இருந்தது. ஒன்பது இருந்தது. நடுவில் நாற்பது குடும்பங்களின் வயலைக் காணவில்லை. மண்டபம் இரைந்தது. “வாய்க்காலைக் கொக்கு கொண்டு போயிட்டுதோ?” என்று ஒருவர் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பொறியியலாளர் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியை நிறுத்தாமலே, “இத்தனை வருஷமா என்னத்தைப் படிச்சனீர்?” என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வி இரண்டு ஒலிபெருக்கிகளில் வெளியே பலா மரம் வரைக்கும் போனது.

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது மூன்று மணி. வழி முழுவதும் ஸ்கூட்டரில் அவருக்கு மறுமொழி சொல்லிக்கொண்டு வந்தேன். அருமையான மறுமொழிகள். அவற்றில் ஒன்றைக்கூட மண்டபத்தில் சொல்லத் துணிவு இருக்கவில்லை என்பதுதான் குறை.

குசினியில் என் கணவர் எனக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவர் கமக்காரர்; அன்று வயல் வேலையால் கூட்டத்துக்கு வரவில்லை. மகள், பதினாலு வயது, மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னமாதிரி கூட்டம்?” என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. என்னைக் கேலி செய்யும் சிரிப்பு என்றே நினைத்தேன்.

“என்னமாதிரியோ? எட்டாம் வாய்க்கால் விடுபட்டுப் போச்சு. உங்களாலதான். விடியக்காலமை பட்டியல் பாத்துக்கொண்டிருக்கேக்க தேத்தண்ணியோட வந்து எங்கட பங்கு எங்க விழுது எண்டு கேட்டு மனிசரைக் குழப்பினது நீங்கள்தானே!”

“நான் ஒரு கேள்விதானே கேட்டனான்.”

இதோடு நின்றிருந்தால் சாதாரணச் சண்டை. நான் நிற்கவில்லை.

“உங்களுக்கு என்ன விளங்கும்? பத்துப் பேர் முன்னால எழும்பி நிண்டு ஒரு சொல் கதைச்சிருக்கிறியளோ? பத்தாம் வகுப்போட வரம்பில நிண்டவருக்கு இந்தக் கஷ்டம் விளங்காது.”

அவர் படிப்பு பத்தாம் வகுப்பில் நின்றதற்குப் போர்தான் காரணம், அவரல்ல. எங்கள் வயதுக்காரருக்கு இங்கே அதை யாரும் விளக்கத் தேவையில்லை. எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் குத்தினேன். மகள் பாதிச் சோற்றில் எழும்பி, சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் சோற்றைச் சாப்பிட்டேன். வெட்கக்கேடு, பசித்தது.

நாலு மணிக்குக் கணினியைத் திறந்தேன். பிழை எப்படி வந்தது என்று பார்க்க இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. போன வருடப் பட்டியலைப் பிரதி எடுத்து அதன் மேல்தான் புதியதைச் செய்திருந்தேன். போன வருடம் எட்டாம் வாய்க்கால் திருத்த வேலைக்காகப் பூட்டியிருந்தது; அந்த வரிசை பட்டியலில் இருக்கவேயில்லை. தேத்தண்ணீர் வருவதற்கு மூன்று நாள் முன்பே வாய்க்கால் காணாமல் போய்விட்டது. இதை அவரிடம் சொன்னேனா? இல்லை. கணினியை மூடினேன், யாரும் பார்த்துவிடாதபடி.

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் ஒரு முறை இருக்கிறது. பல வீடுகளிலும் இருக்கும். நேரே கதைப்பதில்லை, பிள்ளை தபால்காரி. “அப்பாவைச் சாப்பிட வரட்டாம் எண்டு சொல்லு.” “அம்மாட்டச் சொல்லு, பசியில்லையாம்.” மூன்று பேரும் ஒரே குசினிக்குள் நின்றுகொண்டுதான். புதன்கிழமை இரவு மகள், “உங்கள் ரெண்டு பேருக்கும் காது கேக்கும்தானே,” என்று சொல்லிப் பதவி விலகினாள்.

வியாழக்கிழமை நான் மன்னிப்பைச் சமைத்தேன். கொக்கிளாய்ப் பக்கத்திலிருந்து வரும் மீன்காரரிடம் நல்ல நண்டு வாங்கி, முருங்கை இலை போட்டுக் குழம்பு வைத்தேன். அவர் சாப்பிட்டார். “நல்லாயிருக்கு,” என்றார். நண்டுக்குச் சொன்னார், எனக்கல்ல.

வெள்ளிக்கிழமை வாயால் கேட்டேன்.

“இஞ்சருங்கோ, அண்டைக்குச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு வேலையில சரியான அழுத்தம். பொறியியலாளர் எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டார். அதுதான் வாய் தவறிச்சுது. ஆனா நீங்களும் அந்த நேரம் பாத்து வந்து கேட்டிருக்கக் கூடாது.”

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே, “அப்ப பொறியியலாளரும் நானும் சேர்ந்து உம்மட்ட மன்னிப்புக் கேக்கவேணும் போல,” என்றார். போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டேனே, இனி என்ன வேண்டுமாம்? ரசீது கேட்டு நிற்பவள் மாதிரி வாசலில் நின்றேன்.

சனிக்கிழமை அலுவலக வேலையாக எட்டாம் வாய்க்காலுக்குப் போனேன். திருத்திய பட்டியலை அவர்களிடம் நேரே காட்ட வேண்டும். அன்று எழும்பிய கிழவர் உட்பட ஒரு பதினைந்து பேர் தண்ணீர் திறக்கும் துருசடியில் நின்றார்கள். போகும் வழியில் காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். அங்கே போனதும் அவற்றை விட்டுவிட்டு நேரே சொன்னேன்.

“ஐயா, பிழை என்னுடையது. போன வருஷப் பட்டியலைப் பாத்து எழுதினனான், உங்கட வாய்க்கால் அதில இல்லை, நான் சரிபாக்கேல்லை. உங்களில ஒரு பிழையும் இல்லை. இது புதுப் பட்டியல். உங்களுக்கும் மற்ற வாய்க்காலுகளின்ர அளவுதான் பங்கு. இனிமேல் வாசிக்க முதல் ஒவ்வொரு வாய்க்காலிலயும் ஒருத்தருக்குக் காட்டிப்போட்டுத்தான் வாசிப்பன்.”

“அது சரி பிள்ளை,” என்றார் கிழவர். “தண்ணி எப்ப திறப்பியள்?”

அவ்வளவுதான். பதினைந்து அந்நியரிடம் ஒரே மூச்சில், ‘ஆனா’ இல்லாமல் சொல்லிவிட்டேன். பதினாறு வருடம் என்னோடு வாழ்பவருக்கு நண்டைக் கொடுத்தேன்.

திரும்பும்போது கிழவர் கூடவே நடந்து வந்தார். “உங்கட மனிசனுக்கு என்ன நடந்தது? எங்கட குளத்துக் கமக்கார அமைப்புக்குச் செயலாளரா நில்லுமெண்டு கேட்டனாங்கள். செவ்வாய் காலமை ஓமெண்டவர், நல்ல சந்தோசம். புதன்கிழமை வந்து, தனக்குக் கூட்டத்தில கதைக்கத் தெரியாது, வேற ஆளைப் பாருங்கோ எண்டிட்டார்.”

செவ்வாய் மூன்று மணிக்கு அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அதுதான். எனக்குச் சொல்லவென்று சோற்றை மூடி வைத்துக் காத்திருந்திருக்கிறார். அவரைத்தான், பத்துப் பேர் முன்னால எழும்பி நிண்டு கதைச்சிருக்கிறியளோ என்று கேட்டேன். ஸ்கூட்டரை அலுவலகத்துக்கு விடாமல் நேரே எங்கள் வயலுக்கு விட்டேன்.

அவர் வயலில் உடைந்த வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். அலுவலகச் செருப்போடு சேற்றில் இறங்கினேன். ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. ஒற்றைக் காலில் நின்று கேட்ட ஒரே மன்னிப்பு என்னுடையதாகத்தான் இருக்கும்.

“நான் சொல்லி முடியுமட்டும் கேளுங்கோ. வாய்க்கால் விடுபட்டது என்ர பிழை. உங்கட தேத்தண்ணியால இல்லை. அது எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். தெரிஞ்சும் வெள்ளிக்கிழமை உங்களில பழியைப் போட்டனான். பொறியியலாளர் ஏசினது எனக்கு நொந்தது. அது வேற கதை. நொந்ததைச் சொல்லி அழுதிருக்கலாம். அதை விட்டிட்டு உங்கட படிப்பில குத்தினனான், பிள்ளைக்கு முன்னால. நோகுமெண்டு தெரிஞ்சுதான் சொன்னனான். வாய் தவறேல்லை.”

அவர் மண்வெட்டியால் ஒரு கட்டி மண்ணை வைத்துத் தட்டினார். இன்னொன்று வைத்தார்.

“செயலாளர் விசயம் இப்பதான் கேள்விப்பட்டனான்,” என்றேன். “அது உங்கட முடிவு. என்ர மனம் ஆறவேணுமெண்டு அதை மாத்தவேண்டாம்.”

“பரவாயில்லை எண்டு நான் சொல்லமாட்டன்,” என்றார்.

“சொல்லவேண்டாம்.”

“நொந்தது.”

“ஓம்.”

வேறு நாளென்றால் இந்த இடத்தில் எத்தனை மணிக்கு எழும்பினேன், யார் யார் என்னை வதைக்கிறார்கள் என்று தொடங்கியிருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். கொக்குகள் பார்த்தன.

“அப்பிடி ஏச்சுப்பட்டு வந்தா,” என்றார் வரம்பைத் தட்டிக்கொண்டே, “வாசல் படலையில நிண்டு சொல்லும், இண்டைக்கு நாள் சரியில்லை எண்டு. நான் கேள்வி ஒண்டும் கேக்கமாட்டன். தெரியாமல் வந்து எப்பிடி ஒருத்தன் அடிக்குத் தப்புறது?”

“சொல்லுறன்.”

“பிள்ளையும் கேட்டவள்.”

“அவளிட்டயும் சொல்லுறன்.”

“செருப்பை எடும். தாழப்போகுது.”

மகளிடம் அன்று பின்னேரமே சொன்னேன், அதே சொற்களில். அம்மாவுக்கு வேலையில் கஷ்டம் வந்தது உண்மை, அப்பாவை ஏசியது அந்தக் கஷ்டமல்ல, அம்மா. அவள் கொப்பியிலிருந்து தலை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“அப்ப சோதினை நேரம் நான் உங்களோட கத்தினா, அது சோதினையில்லை, நானோ?”

“ஓம்.”

“இது எனக்கு நட்டம்,” என்றாள்.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அவர் கதைத்தார், ஆனால் பார்த்துப் பார்த்துக் கதைத்தார், புதிதாகப் பூசிய நிலத்தில் நடப்பவர் மாதிரி. நானோ ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அவர் முகத்தைப் படித்தேன். “கோபமோ?” என்று கேட்க வாய் வரும். அப்படிக் கேட்டால் என்னை ஆற்றுகிற வேலையும் அவர் தலையில் விழும் என்று விளங்கி விழுங்குவேன். இரண்டாம் நாளே அலுவலகத்தில் மறுபடி ஏச்சு. படலையில் நின்று, “இண்டைக்கு நாள் சரியில்லை, உங்களில ஒண்டுமில்லை!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “எனக்கோ பிள்ளை சொன்னனீர்?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு கமக்கார அமைப்பின் கூட்டம். பின்னேரம் மூன்று மணிக்கு அவர் வெள்ளைச் சேட்டு ஒன்றைப் போட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. சேட்டுப் பொத்தான் ஒன்று பிழையாகப் பூட்டியிருந்தது. அதைச் சொல்லலாமா, சொன்னால் குத்தலாகுமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சைக்கிள் போய்விட்டது. இரண்டு மணித்தியாலம் முற்றத்தைக் கூட்டினேன். குப்பையே இல்லாத முற்றம். அவர் அங்கே எழும்பி நிற்கையில் காதில் என் குரல் கேட்குமே என்பது ஒன்றுதான் நினைப்பு.

ஐந்து மணிக்கு அவர் வந்தார். சைக்கிளை மாமரத்தில் சாத்தினார். ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

“செயலாளர் வேலையை எடுத்திட்டன். எழும்பி நிண்டு கதைச்சனான். கடிதமெல்லாம் நான்தான் எழுதுவன். நீர் திருத்தவேண்டாம், நான் கேட்டா மட்டும் பாத்துச் சொல்லும்.”