அச்சில் மாறிய அரக்குப் புடவை

கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற வேலையில் நான் சம்பாதித்தது கழுத்து வலியும் கண் எரிச்சலும்தான். அதோடு, "இது எங்க கலர் இல்லையே" என்று யார் வந்து நின்றாலும் முகம் சுளிக்காமல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிற பழக்கமும் வந்துவிட்டது. சித்தூரில் எங்கள் ஸ்டுடியோ. என் வீட்டுக்காரர் படம் எடுப்பார். நான் அதைப் பக்கம் பக்கமாக அடுக்கித் திருத்தித் திருப்பதியில் இருக்கிற லேபுக்கு அனுப்புவேன். அங்கே அச்சடித்து பைண்ட் செய்து அனுப்பி வைப்பார்கள். பெட்டியைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவேன். இத்தனை வருஷத்தில் அது மட்டும் மாறவே இல்லை.

அந்தப் பெண் வந்தது ஒரு மத்தியான வேளையில். நகரி பக்கத்துப் பெண், பலமனேரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணத்தன்று நான்தான் அவள் பூவைச் சரிசெய்து நிற்க வைத்தேன், அதனால் முகம் நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது அந்த முகத்தில் களையே இல்லை. ஒரு கையில் ஆல்பம், இன்னொரு கையில் துணிப்பை. பையிலிருந்து முகூர்த்தப் புடவையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நல்ல அரக்கு. ஆல்பத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அதில் அவள் கட்டியிருந்தது வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது.

அவர்கள் பக்கத்தில் முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தருவது. மாமியார் கடை கடையாக ஏறி இறங்கித் தன் கையால் எடுத்த புடவை. ஆல்பம் வீட்டுக்கு வந்த அன்று சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து பார்க்க, தாலி கட்டுகிற பக்கம் வந்ததும் அந்தம்மா விரலை வைத்து நிறுத்திவிட்டார்களாம். நாங்க குடுத்த பொடவ இது இல்ல, என்றார்களாம். எங்கள் புடவை பிடிக்காமல் உன் அம்மா வீட்டில் வேறு வாங்கி முகூர்த்தத்துக்குக் கட்டிவிட்டார்கள், எங்களுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டாய் என்று பேச்சு. பீரோவிலிருந்து புடவையை எடுத்துக் காட்டினால், இது கட்டவே இல்லாத புதுசு என்கிறார்களாம். கல்யாண மண்டபத்தில் நேரில் பார்த்த கண்ணைவிட அச்சடித்த காகிதத்தை நம்புகிற ஜனம். என்னத்தைச் சொல்ல.

"அக்கா, அன்னிலேர்ந்து அவங்க எங்கிட்ட பேசறதில்ல. எங்க அம்மாவ வூட்டுக்கு வர வாணாம்னுட்டாங்க. நான் பொய் சொல்றவன்னு ஆயிடுச்சு."

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள், அது தெரிந்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி அவளிடம் ஓகே வாங்கியிருந்தோம். எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம். அவளுடைய போனை வாங்கிப் பார்த்தேன். அதில் புடவை ஜம்மென்று அரக்காகவே இருந்தது. இப்போது வருகிற போன்கள் எந்தப் படத்தையும் கொஞ்சம் தூக்கிப் பளபளவென்றுதான் காட்டும். என் கம்ப்யூட்டரில் திறந்தேன், அங்கேயும் அரக்கு. அச்சில் மட்டும் காப்பிக்கொட்டை. அதுமட்டும் இல்லை, அவள் முகத்திலும் ரத்தமே இல்லாத மாதிரி ஒரு சாம்பல். பின்னலில் ஒரு முடிகூடத் தனியாகத் தெரியவில்லை, மொத்தமாக ஒரே கறுப்புக் கட்டி.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு லேப்காரன் சொதப்பிட்டான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு எப்போதும் அடுத்தவன்தான் சொதப்புவான். லேபுக்குப் போன் போட்டால் அங்கே இருக்கிறவர், "ஃபைல்லோ எட்ல உந்தோ அட்லே ஒஸ்தாதி" என்றார். ஃபைலில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வருமாம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது என் தலையெழுத்து. அந்தப் பெண்ணிடம், புடவையை இங்கேயே விட்டுவிட்டுப் போ கண்ணு, நான் பார்க்கிறேன் என்றேன். எதை நம்பி அப்படிச் சொன்னேனோ தெரியாது.

மறுநாள் புடவையையும் பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். பஸ் முழுக்க மலைக்குப் போகிற கூட்டம். மொட்டை போட நேர்ந்துகொண்ட ஒரு குடும்பம் என் மடியிலும் ஒரு பையை வைத்துவிட்டுத் தூங்கியது.

லேபில், போனில் பேசிய அந்த ஆபரேட்டர் அண்ணா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஃபைலைத் திறந்தார். அவர் திரையில் புடவை காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே ஃபைல். என் ஸ்டுடியோவில் அரக்கு, இங்கே பழுப்பு. அவரும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் ஃபைலில் ஏதோ ஒன்று இல்லை.

ஃபைலில் நிறம் என்று எதுவும் இருப்பதில்லை, எண்கள்தான் இருக்கும். சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று. அந்த "இவ்வளவு" எந்த அளவுகோலில் என்று சொல்கிற குறிப்புதான் கலர் புரொஃபைல். எங்கள் பக்கங்கள் பெரிய அளவுகோலில் செய்தவை, அடோப் ஆர்ஜிபி என்பார்கள். என் கம்ப்யூட்டருக்கு அது தெரியும், அதனால் சரியாகக் காட்டியது. அனுப்பும்போது குறிப்பு விட்டுப்போயிருந்தது. குறிப்பு இல்லாத ஃபைல் வந்தால் லேபின் மிஷின் அதைச் சின்ன அளவுகோலான எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். அதே எண், சின்ன அளவுகோல். சிவப்பு செத்துப்போகாமல் என்ன செய்யும்? கிலோவில் சொன்னதைப் படியில் அளந்த கதை. அந்தப் பெண்ணின் போன் சும்மாவே நிறத்தைத் தூக்கிக் காட்டுவதால் அதில் இந்தக் குறை மூடிப்போயிருந்தது.

குறிப்பு ஏன் விட்டுப்போனது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சேவ் செய்யும்போது புரொஃபைலைச் சேர்க்கவா என்று ஒரு சின்னக் கட்டம் வரும். எனக்கு வேலை நெருக்குகிற நாளில் எங்கள் வீட்டுக்காரர்தான் சேவ் செய்து அனுப்புவார், அப்போது அதில் டிக்கை எடுத்துவிடுவார். கடை நெட் ஆமை வேகம், அது இல்லாவிட்டால் ஃபைல் லேசாகும், சீக்கிரம் போகும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். அது எடுத்துக்கொள்கிற இடம் ஒன்றுமே இல்லை. ஒரு பெண்ணின் குடித்தனம் அந்தக் கட்டத்தில் போய் மாட்டிக்கொண்டது.

அங்கேயே சரியான குறிப்போடு திறந்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, குறிப்பை உள்ளேயே வைத்துச் சேவ் செய்தேன். தாலி கட்டுகிற படத்தில் ஒரு துண்டை மட்டும் அச்சடித்துக் கொடுக்கச் சொன்னேன். வெளியே வாசல் வெளிச்சத்தில் புடவையைப் பிடித்துப் பார்த்தேன். அரக்கு வந்துவிட்டது. ஆபரேட்டர் அண்ணா, லேபில் போடுகிற காகிதத்துக்கான புரொஃபைலையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். முன்பே கொடுத்திருக்கலாமே என்றதற்கு, யாரும்மா கேட்டாங்க என்றார்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பி வந்து அதைப் போட்டுப் பார்த்தால், அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே முன்கூட்டித் தெரிந்தது. எல்லாம் ஒரு மாற்றுக் குறைந்துபோய்விட்டது. திரை தானே எரிகிற விளக்கு, காகிதம் மேலே விழுகிற வெளிச்சத்தைத் திருப்பித் தருகிற சாமான். திரை அளவுக்கு வெளுப்பும் வராது, கறுப்பும் ஆழமாக வராது. எங்கள் திரை வேறு முழு வெளிச்சத்தில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் அதில் ஒவ்வொன்றாகத் தெரிந்த முடி காகிதத்தில் கட்டியாகிப் போனது. திரை வெளிச்சத்தைக் குறைத்து, பின்னலின் இருட்டைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் பக்கங்களை மறுபடி முடித்தேன். வீட்டுக்காரர் வந்து, இன்னா இப்படி மங்கலா கீது என்றார். கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

சோதனை அச்சுகள் வந்ததும் அந்தப் பெண்ணை வரச் சொன்னேன், மாமியாரையும் கூட்டிக்கொண்டு வா என்று. வந்தார்கள். அந்தம்மா விறைப்பாக உட்கார்ந்தார்கள். அச்சையும் புடவையையும் வாசலுக்குக் கொண்டுபோய், கடை விளக்கில் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் காட்டினேன். கரை, புட்டா, நிறம் எல்லாம் ஒன்று. அந்தம்மா முந்தானையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். மருமகள் அவர்கள் முகத்தையே பார்த்தாள். தப்பாகப் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று நானும் காத்திருந்தேன்.

"ஜாக்கெட் கொஞ்சம் லூசா தச்சுக்கிறாங்க" என்றார்கள். அவ்வளவுதான்.

அந்தப் பெண் புடவையை மடித்துப் பையில் வைத்தாள். எனக்கு அந்தம்மாவின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

கிளம்பும்போது மருமகளை ஆட்டோ பிடிக்க அனுப்பிவிட்டு அந்தம்மா மட்டும் திரும்பி வந்தார்கள். குரலைத் தாழ்த்தி, புது அச்சில் தன் முடியைக் காட்டினார்கள். சாயம் போட்ட முடி. வீடியோ லைட் பட்டால் அது செம்பட்டை அடிக்கும். பழைய அச்சில் சிவப்பெல்லாம் செத்துக் கிடந்ததால் கறுப்பாகத் தெரிந்தது. சிவப்பு திரும்பி வந்ததும் அதுவும் கூடவே வந்துவிட்டது.

"இத மட்டும் கறுப்பாக்கிடும்மா. சொந்தக்காரங்க பாப்பாங்க."

செய்யலாம்மா, ஆனால் திரையில் பார்த்து ஓகே சொன்னால் மறுபடி தகராறு வரும், அச்சில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். இது உண்மைதான். அதற்கு அடுத்துச் சொன்னதுதான் என் வயிற்றெரிச்சல்.

"உங்க மருமக வந்து பாத்து சரின்னு சொன்னா போட்டுடறேன்."

அந்தம்மா ஆட்டோ வந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்த்தார்கள். பிறகு, சரி, அவளையே அனுப்புறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

அவள் தனியாக வந்தாள். அச்சை வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். படத்தில் மாமியார் கன்னங்கறுத்த முடியோடு அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தம்மா மாதிரியே விரலை வைத்து நிறுத்தினாள்.

"எங்க அத்த இது இல்லையேக்கா" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அச்சைப் பார்த்தாள். அப்படியே விட்டுவிடு என்று அவள் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன், சத்தியமாக.

"இருக்கட்டும், கறுப்பாவே போட்டுடுங்க. நம்பாம யாராச்சும் கேட்டா, எங்க அத்தைக்கு நெஜமாவே கறுப்புன்னு நான் சொல்லிக்கிறேன்."